கேஸ் நிரப்புவதா, ஃபில்டர் மாற்றுவதா? அறுவடை இயந்திரக் கேபினில் ஏசி குளிராதபோது

மாசி மாதத்தில் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுக்கப் போனால், பதினொரு மணிக்கு மேல் இயந்திரத்தைச் சுற்றி ஒரு செம்மஞ்சள் மூட்டம் நிற்கும். கரிசல் புழுதி பாதி, கதிரிலிருந்து பிரிந்து பறக்கும் மெல்லிய சருகு மீதி. வெங்காயத் தோலைவிட மெல்லியதான அந்தச் சருகு, காற்றை உள்ளே இழுக்கும் எந்த வலையைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். நெல் வயலில் சுணை அரிக்கும். ஆனால் ஏசியை மூச்சடைக்க வைப்பதில் மக்காச்சோளத்துக்கு இணை இல்லை. நான் ஏசி கேபின் உள்ள சக்கர வகை அறுவடை இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு இந்தச் சருகினால் செலவான பணத்தில் பெரும்பகுதி தவறான இடத்துக்குப் போனது. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

குளிர்ச்சி குறைந்தால் இயந்திரக்காரர்களுக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கும் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்து ஓட்டுவது, புது ஃபில்டர் வாங்கிப் போடுவது, மெக்கானிக்கை அழைத்துக் கேஸ் நிரப்புவது, ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது. நான்காவதைப் பலர் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் செய்வார்கள். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரைச் சுத்தம் செய்வது. ஏனோ அது யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

இவற்றில் எது சரி என்று முடிவு செய்வதற்கு முன், குறைவது காற்றா குளிரா என்று தெரிய வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்கள். துவாரத்தின் முன் கையை வைத்துப் பாருங்கள். வரும் காற்று சில்லென்று இருக்கிறது, ஆனால் மூச்சு விடுவதுபோல் மெதுவாக வருகிறது என்றால், காற்றின் பாதை அடைத்திருக்கிறது. பெரும்பாலும் ஃபில்டரோ கேபின் கூரைக்குள் இருக்கும் கூலிங் காயிலோதான் காரணம். காற்று பலமாக அடிக்கிறது, ஆனால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால், கண்டென்சர், கம்ப்ரசர், கேஸ் பக்கம் போக வேண்டும். ஹீட்டர் இணைப்பு உள்ள டிராக்டர் கேபினாக இருந்தால், ஹீட்டர் வால்வு முழுதும் மூடாமல் எஞ்சினின் சுடுநீர் கசிந்து உள்ளே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல குளிரையும் அந்தக் கசிவு கெடுத்துவிடும்.

கையை நம்பாதவர்கள், சமையலறைக் கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். எஞ்சினை வேலை வேகத்தில் வைத்து, கதவை மூடி, உள்காற்றே சுழலும் நிலையில் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, கேபினிலிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் கம்பித் தட்டியருகே ஒரு அளவும், குளிர்காற்று வரும் துவாரத்தில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து டிகிரி அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால், குளிரூட்டும் பகுதி தன் வேலையைச் செய்கிறது என்று ஏறக்குறைய நம்பலாம். ஐந்தாறு டிகிரிதான் என்றால் கோளாறு அந்தக் குளிரூட்டும் பகுதியில்தான். இன்னொரு சோதனை இதைவிட எளிது. புழுதி இல்லாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிமிடம் ப்ளோயரை ஓட்டிப் பாருங்கள். காற்று திடீரென்று பெருகினால் குற்றவாளி கையில் இருக்கிறது. பெருகவில்லை என்றால் பெரும்பாலும் கூலிங் காயில்தான் அடைத்திருக்கிறது, அல்லது பனி கட்டியிருக்கிறது.

பனி கட்டுவதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் நன்றாக இருக்கும். அரை மணி, முக்கால் மணி ஓடிய பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓடவிட்டால் மீண்டும் பழையபடி வரும், வடிகுழாயில் தண்ணீர் நிறையக் கொட்டும். அடைத்த ஃபில்டர் வழியாகப் போதிய வெப்பக் காற்று காயிலுக்கு வராததால், அதன் மேல் படியும் ஈரம் உறைந்து, மிச்சம் இருக்கும் இடைவெளியையும் மூடிவிடுகிறது. இதில் வெப்பநிலைச் சென்சார் கோளாறும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரைத்தான்.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மாசி தொடக்கத்தில், வெளியே 35 டிகிரி இருந்த ஒரு மதியம், கேபினுக்குள் காற்று குறைந்து வியர்வை வழிந்தது. வயலுக்கே வந்த ஏசி மெக்கானிக் கேஜைப் பொருத்திப் பார்த்தார். உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் குறைவாகக் காட்டியது. "கேஸ் இறங்கிவிட்டது அண்ணா" என்றார். குழாயிலும் குளிர்ந்து பனி பூத்திருந்தது. 3,200 ரூபாய் கொடுத்து நிரப்பினேன். மறுநாள் காலை பரவாயில்லாமல் இருந்தது. மதியம் ஒரு மணிக்குக் கம்ப்ரசர் 'டக்' என்று நின்று, ஒரு நிமிடம் கழித்து 'டக்' என்று பிடித்தது. மூன்று மணி வரை இதே தாளம்.

அந்தக் கேஜ் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதைத் தப்பாகப் படித்தோம். ஃபில்டர் அடைத்தால் காயிலுக்கு வரும் வெப்பம் குறைகிறது. வெப்பம் குறைந்தால் உள்ளே கேஸ் கொதிப்பது குறைகிறது. அதனால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இறங்குகிறது. கேஸ் கசிந்து குறைந்தாலும் கேஜ் காட்டுவது கிட்டத்தட்ட அதே எண்தான். ஃபில்டரைப் பார்க்காமல் கேஜை மட்டும் பார்ப்பவர் கேஸ் ஏற்றுவார். இப்படி அளவுக்கு மேல் ஏறிய கேஸ், சருகு அடைத்த கண்டென்சரில் வெப்பத்தை விட முடியாமல் மறுபக்கத்தில் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. காலையில் வெளிக்காற்று தணிந்திருந்ததால் தெரியவில்லை. மதியம் ஏறியதும், பாதுகாப்புக்காக வைத்திருக்கும் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியது. அழுத்தம் இறங்கியதும் மீண்டும் இயக்கியது. நான் கேட்ட 'டக்' அதுதான்.

மூன்றாம் நாள் கூரைமேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். ஃபில்டரின் மடிப்புகளுக்கு நடுவே விரல் நுழையாதபடி மண்ணும் சருகும். கண்டென்சரின் முகத்தில் செந்நிறக் கம்பளிபோல ஒரு படலம். கையால் உரித்தால் துண்டாக வந்தது. இரண்டையும் சுத்தம் செய்த பிறகும் மதியத்தில் கம்ப்ரசர் நின்றது, கூடுதலாக ஏற்றிய கேஸ் உள்ளேயே இருந்ததால். அறுவடை முடிந்து திருச்சியில் ஒரு பட்டறையில் கேஸை முழுவதும் எடுத்து எடை பார்த்தார்கள். இயந்திரத்தின் ஸ்டிக்கரில் 1,400 கிராம் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது 1,720 கிராம். கசிவு எங்குமே இல்லை. வெற்றிடம் இழுத்து எடைபோட்டு மீண்டும் நிரப்ப 3,800 ரூபாய். முதலில் கொடுத்த 3,200-ஐயும் சேர்த்தால் 7,000. அந்த விலைக்கு ஏழெட்டு ஃபில்டர் வாங்கியிருக்கலாம்.

ஆகவே கேஸ் நிரப்புவதை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அதற்குத் தேவையே வராது என்று சொல்லவில்லை. ரப்பர் குழாய்கள் வழியாகவும், அதிரும் இணைப்புகள் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் கேஸ் கசியும் இடத்தில் அதோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும். புழுதி வயலில் அது ஒருவகையில் வசதி, ஏனென்றால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, இணைப்பைச் சுற்றிக் கறுத்த பற்றாக நிற்கும். அப்படி ஒரு பற்று தெரிந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். ஃபில்டரும் கண்டென்சரும் சுத்தமாக இருக்கும்போதுதான் கேஜைப் பொருத்தச் சொல்லுங்கள். "கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன்" என்பவரைவிட, முழுதும் எடுத்து எடைபோட்டு நிரப்புபவர் 600 ரூபாய் அதிகம் கேட்டாலும் மலிவு.

கண்டென்சர்தான் பிரச்சினையா என்று அறிய ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மின்விசிறிக்கும் பெல்ட்டுக்கும் விலகி நின்று, கண்டென்சர்மேல் பூவாளியால் தெளிப்பதுபோலத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே வரும் காற்று தெளிவாகக் குளிர்ந்தால், கேஸ் இருக்கிறது, வெப்பம் வெளியேற வழிதான் இல்லை என்று பொருள். சோதனைக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டும். தூசி படிந்த கண்டென்சரில் தினமும் தண்ணீர் ஊற்றினால், உலர்ந்த புழுதி சேறாகித் தகடுகளுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடும். சுத்தம் செய்ய முதலில் காற்றுதான். விசிறி இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில், உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் சருகு இன்னும் ஆழமாகப் போகும். பேட்டரியில் ஓடும் கைப்பிடி ப்ளோயர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மதிய உணவின்போது எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் ஊதினால் போதும். வண்டி கழுவும் இடத்தின் உயரழுத்தத் துப்பாக்கியை அருகே கொண்டுபோகவே கூடாது. மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும்; பிறகு சீப்புபோன்ற கருவியால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும்.

சில இயந்திரங்களில் கண்டென்சர் கூரைமேல் தனி மின்விசிறியோடு இருக்கும். அங்கே விசிறி சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். டிராக்டரில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டருக்குச் சருகு குறைவு, மாவுபோன்ற மண் அதிகம். அது கண்டென்சரைக் கடந்து போய், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் தங்கும். முன்னால் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். போல்ட்டைத் தளர்த்திக் கண்டென்சரைச் சாய்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எஞ்சின் சூடும் கூடவே ஏறினால் இந்தச் சந்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இப்போது ஃபில்டருக்கு வருவோம். உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது.

ஊதிச் சுத்தம் செய்வது செலவில்லாதது, ஆனால் ஊதும் விதத்தில் பாதிப் பேர் ஃபில்டரைக் கொன்றுவிடுகிறார்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அந்த முனையைக் காகித மடிப்பின்மேல் வைத்து அடித்தால் ஊசித் துளைகள் விழும். அன்று மாலை காற்று நன்றாக வரும், ஓட்டுநர் மகிழ்வார், தூசியும் நன்றாக வரும். அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குள் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கி ஊத வேண்டும். டயரில் தட்டக் கூடாது. சட்டம் வளைந்தால் ஓரத்து ரப்பர் சரியாக உட்காராது. ஊதிய பிறகு இருட்டில் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எவ்வளவு ஊதினாலும் மடிப்பின் நாருக்குள் புகுந்த நுண்மண் முழுதாக வராது. என் அனுபவத்தில் ஐந்தாறு முறைக்குப் பிறகு, ஊதிய அன்றே காற்று குறைவாகத்தான் இருக்கிறது.

அதனால் நான் தேர்ந்தது, ஒரே ஃபில்டரை அடிக்கடி ஊதாமல் இரண்டு ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் போடுவது. ஒன்று 900 ரூபாய் ஆனது. பகலில் வயலில் நின்று அவசரமாக ஊதுபவன் முனையை நெருக்கிப் பிடிப்பான், அதுவும் புழுதிக்கு நடுவே நின்று ஊதுவான். இரண்டாவது ஃபில்டர் கையில் இருந்தால் மூன்று நிமிடத்தில் மாற்றிவிட்டு, அழுக்கானதைப் பையில் கட்டி வைத்து, இரவில் நிதானமாகச் சுத்தம் செய்யலாம். ஊதும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அதில் இருப்பது வெறும் மண் மட்டும் அல்ல, பூஞ்சை படிந்த பயிர்த் தூசியும்தான்.

கடைக்காரர் கார்பன் ஃபில்டரைக் காட்டுவார், விலை இரண்டு மடங்கு இருக்கும். மருந்து தெளிக்கும் டிராக்டருக்கு அதற்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் அது ஆவியைப் பிடிக்கும். அறுவடையில் நமக்கு வேண்டியது தூசியைத் தடுப்பது. கார்பனில் தூசி அடைத்தால் கழுவவும் முடியாது, ஊதினாலும் பயனில்லை, தூக்கிப்போட வேண்டியதுதான். மக்காச்சோள வயலில் அது வீண் செலவு என்பதே என் முடிவு. மறுபக்கம், சோபா தைக்கும் கடையில் ஸ்பாஞ்சு வெட்டி வைத்துக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். கழுவலாம் என்பது அதன் ஒரே நன்மை. நுண்தூசி அதன் வழியாகத் தாராளமாகப் போகும், ஓரங்களில் இடைவெளியும் விடும். கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டினால் உள்ளே சேறு.

நான் கூடுதலாகச் செய்தது ஒன்றுதான். காற்று உள்ளே நுழையும் கம்பித் தட்டியின் வெளிப்புறம், கொசுவலை போன்ற நைலான் வலையை ஒரு சட்டத்தில் கட்டி, தட்டியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பொருத்தினேன். 150 ரூபாய். சருகும் சண்டும் அதிலேயே நின்றுவிடும். வரப்பில் இயந்திரம் திரும்பும்போது இறங்கிக் கையால் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். நுண்மண்ணை அது நிறுத்தாது, அதற்குத்தான் உள்ளே காகித ஃபில்டர். முன்பு ஒரு நாளில் அடைத்த ஃபில்டர் இப்போது மூன்று நாள் தாங்குகிறது.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் அது அற்புதமாக இருக்கும். கூலிங் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும் பொருள். வரும் மண் எல்லாம் அதில் களிமண்ணாகப் படியும். வடிகுழாய் அடைத்து ஓட்டுநரின் தோளில் தண்ணீர் சொட்டத் தொடங்கும், பிறகு மக்கிய வாடை வரும். காயிலைச் சுத்தம் செய்யக் கூரையைப் பிரிக்க வேண்டும். சில இயந்திரங்களில் கேஸையும் இறக்கித்தான் வெளியே எடுக்க முடியும். அறுவடைக் காலத்தில் ஒரு முழு நாள் இயந்திரம் நின்றால் என்ன இழப்பு என்பது இயந்திரக்காரருக்குத் தெரியும்.

உள்காற்றுச் சுழற்சி, வெளிக்காற்று என்ற பொத்தானிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. "வெளிக்காற்றை மூடிவிட்டால் தூசியே வராது" என்று என் ஓட்டுநர் தம்பி வாதாடினார். குளிர் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான், ஏற்கெனவே குளிர்ந்த காற்றைத்தானே மீண்டும் குளிர்விக்கிறது. ஆனால் வெளிக்காற்று ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் கேபினுக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்து, இடுக்குகளில் தூசி நுழையாமல் வெளியே தள்ளும். ஃபில்டர் முழுதும் அடைத்தாலும், வழியை முழுதும் மூடினாலும், பெடல் துளைகளிலும் கதவு ரப்பரிலும் புழுதி கோடுபோட்டுக்கொண்டு உள்ளே வரும். கதவைத் திறந்து ரப்பரின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே புதிய தூசிக்கோடு இருந்தால், தெர்மாமீட்டர் இல்லாமலேயே ஃபில்டரின் நிலை தெரிந்துவிடும். ஏறியவுடன் கால் மணி நேரம் முழுச் சுழற்சி, பிறகு வெளிக்காற்றுக்குச் சிறிது வழி என்று வைத்துக்கொண்டோம். மூடிய சிறு கேபினில் மணிக்கணக்கில் தன் மூச்சையே சுவாசித்துத் தூங்கி வழிவதும் குறைந்தது.

இந்த ஆண்டு மாசியில் நான் வாங்கியவை இரண்டு காகித ஃபில்டர்கள், ஒரு நைலான் வலை, ப்ளோயருக்கு ஒரு உபரி பேட்டரி. மெக்கானிக் ஒருமுறை வந்தார், ஹெட்லைட்டுக்காக. ஏசியைப் பற்றி அவரே கேட்டார். கதவைத் திறந்து ரப்பரைக் காட்டினேன்.